படத்தில் நீளம், கையில் கடிகாரம்: தனி ஊசலிலிருந்து g கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு ஸ்கேல், ஒரு கைப்பேசி. இவற்றை வைத்துச் சென்னையில் ஒரு வீட்டு ஹாலிலேயே ஈர்ப்பு முடுக்கத்தை 9.78 ± 0.02 மீ/வி² என்ற அளவுக்குத் துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம். சூத்திரம் பதினொன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது:

```
T = 2π √(L/g)
g = 4π² L / T²
```

L என்பது தொங்குபுள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள நீளம். T என்பது ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம். கணக்கில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாறுவது L-ஐக் கைப்பேசியில் எடுத்த படத்திலிருந்து அளக்கும்போதும், T-க்கு அலைவுகளை எண்ணும்போதும்தான். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குண்டு. ஆய்வகத்தில் கிடைக்கும், மேலே சின்னக் கொக்கி வைத்த 2 செ.மீ. விட்டப் பித்தளைக் குண்டு போதும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு கனமானதுதான், நன்றாக ஆடவும் செய்யும். ஆனால் அது கூம்பு வடிவம், அதன் நிறை மையம் எங்கே என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உருண்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை: மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவே மையம். பிளாஸ்டிக் பந்து வேண்டாம். காற்று அதன் வீச்சைச் சீக்கிரம் குறைத்துவிடும், ஐம்பது அலைவு வரை எண்ண முடியாது.

நூல். கறுப்பு பாலியெஸ்டர் தையல் நூல், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பருத்தி நூல் சென்னைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீளம் மாறும். தூண்டில் நரம்பு குண்டைத் தொங்கவிட்ட பிறகும் மெல்ல நீண்டுகொண்டே போகும். கறுப்பு ஏன் என்றால், வெள்ளைச் சுவரின் முன்னால் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஸ்கேல். ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல். அது கிடைக்காவிட்டால் மர மீட்டர் ஸ்கேல். பென்சில் பெட்டியில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேல் கூடாது, காரணம் 5-ஆம் பகுதியில்.

தொங்கவிடும் இடம். அசையாத இடம் வேண்டும். கதவு நிலையின் மேல்கட்டை, ஜன்னல் கம்பி, சுவரில் அடித்த கனமான ஆணி எல்லாம் சரி. மேசை மேல் நிற்கும் உயரமான ஆய்வக ஸ்டாண்டை நம்ப வேண்டாம். குண்டு ஆட ஆட, ஸ்டாண்டின் தலையும் கூடவே துளி ஆடும். தொங்குபுள்ளி ஆடினால் அலைவு நேரம் கூடும், g குறைவாக வரும்.

இவற்றோடு இரண்டு சிறிய தட்டையான மரத்துண்டுகள் (அல்லது பாதியாக வெட்டிய ரப்பர்), ஒரு பைண்டர் கிளிப், ஒரு வெள்ளைத் தாள், ஸ்டாப்வாட்ச். கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். ஆனால் படம் எடுக்கும் அதே கைப்பேசியாக இருந்தால், இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யத் திட்டமிடாதீர்கள்.

## 2. தொங்கவிடுதல்: நூலைச் சுற்றாதீர்கள், கவ்வுங்கள்

ஆணியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவதுதான் முதல் தவறு. குண்டு ஒரு பக்கம் போகும்போது நூல் ஆணியின் வளைவில் சற்றே படியும், மறுபக்கம் போகும்போது விலகும். நீளம் ஒவ்வொரு அலைவிலும் இரண்டு முறை மாறுகிறது. தொங்குபுள்ளி எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, படத்தாலும் சொல்ல முடியாது.

நூலை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து பைண்டர் கிளிப்பால் கவ்வுங்கள். துண்டுகளின் கீழ் விளிம்பு இரண்டும் ஒரே மட்டத்தில், கூராக இருக்க வேண்டும். அந்த விளிம்புதான் தொங்குபுள்ளி. விளிம்பை ஒட்டி, நூலை மறைக்காமல், ஒரு சிறு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது தேட வேண்டியிருக்காது.

மரத்துண்டுகளைக் கதவு நிலையோடு இறுக்கிக் கட்டிய பிறகு, குண்டைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். தையல் நூலில் இருக்கும் முறுக்கு அவிழும், நூல் தன் நீளத்துக்கு வந்து நிற்கும். அவசரப்பட்டு உடனே படம் எடுத்தால், படத்தில் இருக்கும் நீளம் ஒன்று, ஆடும் நீளம் வேறொன்று.

நீளம் 90 முதல் 100 செ.மீ. இருக்கட்டும். அந்த நீளத்தில் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகும், எண்ணுவதற்கு நிதானமாக இருக்கும். 30 செ.மீ. ஊசல் சுமார் 1.1 விநாடியில் அலைந்துவிடும். நீளத்தில் வரும் ஒரு மில்லிமீட்டர் பிசகும் அங்கே மூன்று மடங்காகத் தெரியும்.

## 3. ஸ்கேலை எங்கே வைப்பது: சுவரில் அல்ல, நூலின் பக்கத்தில்

இந்தச் சோதனையில் அதிகம் பேர் விழும் பள்ளம் இதுதான். ஊசல் சுவருக்கு முன்னால் நான்கு விரற்கடை தள்ளித் தொங்கும். ஸ்கேலை வசதியாகச் சுவரில் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். படத்தில் இரண்டும் அக்கம்பக்கமாகத்தான் தெரியும், பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தோன்றாது.

ஆனால் கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும், தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். கேமராவிலிருந்து நூல் 200 செ.மீ. தூரத்திலும், ஸ்கேல் 204 செ.மீ. தூரத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலின் ஒரு சென்டிமீட்டர் படத்தில் 2% சுருங்கி விழுகிறது. அந்தச் சுருங்கிய சென்டிமீட்டரால் நூலை அளந்தால் நூல் 2% நீளமாகக் காட்டும். சூத்திரத்தில் g நேராக L-ஓடு ஏறுவதால், 9.78 வர வேண்டிய இடத்தில் 9.98 வரும். நேரத்தை எத்தனை முறை கவனமாக எடுத்தாலும் இந்தப் பிசகு போகாது, ஏனென்றால் அது நேரத்தில் இல்லை.

ஆகவே ஸ்கேலை நூலிலிருந்து பக்கவாட்டில் 6 அல்லது 7 செ.மீ. தள்ளி, நூல் இருக்கும் அதே தளத்தில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் பார்த்தால் நூலும் ஸ்கேலின் முகமும் ஒரே கோட்டில் மறைய வேண்டும். மேலே மட்டும் பார்த்தால் போதாது. ஸ்கேலின் அடி முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருக்கலாம், கீழேயும் பாருங்கள்.

ஏற்கெனவே சுவரில் ஒட்டிய ஸ்கேலோடு படம் எடுத்துவிட்டால்? ஊசலை இன்னும் அவிழ்க்கவில்லை என்றால் காப்பாற்ற வழி உண்டு. நூலிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் ஒரு படம், 4 மீட்டர் தூரத்தில் இன்னொரு படம் எடுங்கள். தளப் பிசகு தூரத்துக்கு நேர்மாறாகக் குறையும்: 2 மீட்டரில் 2% என்றால் 4 மீட்டரில் 1%. உண்மையான நீளம் 95.80 செ.மீ. ஆக இருந்தால் முதல் படம் 97.72 காட்டும், இரண்டாவது 96.76 காட்டும். இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால்:

```
2 × 96.76 − 97.72 = 95.80
```

ஸ்கேலைச் சரியாக வைத்தவர்களும் இந்த இரண்டு படச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. இரண்டு படமும் ஒரே நீளத்தைக் காட்டினால், தளம் சரி. இதைவிட நேர்மையான சோதனை வேறு இல்லை.

## 4. படம் எடுத்தல்

குண்டு அசைவற்று நிற்க வேண்டும். மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்துங்கள். மொட்டை மாடியில் இடம் தாராளமாக இருக்கும், ஆனால் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வந்துவிட்டால் குண்டு நிற்கவே நிற்காது.

கேமராவின் உயரம் ஊசலின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கட்டும். நின்றுகொண்டு கீழே சாய்த்து எடுக்க வேண்டாம். ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கிக் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்தலாம். அழுத்தும் அதிர்வு படத்தில் வராமலிருக்க 3 விநாடி டைமர் வையுங்கள்.

அகலக்கோண லென்ஸ், அதாவது 0.5x, கூடவே கூடாது. அது ஓரங்களை வளைக்கும், படத்தின் மேல் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் பிக்சலும் நடுவில் எடுத்துக்கொள்ளும் பிக்சலும் வேறாகிவிடும். முதன்மைக் கேமராவில், முடிந்தால் 2x வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். ஊசல் படத்தின் உயரத்தில் முக்கால் பங்கை நிரப்பட்டும், நான்கு பக்கமும் இடைவெளி இருக்கட்டும்.

எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று இடங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்: மரத்துண்டின் கீழ் விளிம்பு, குண்டின் மேல், கீழ் விளிம்புகள், ஸ்கேலின் எண்கள். ஒன்று மங்கலாக இருந்தாலும் திரும்ப எடுங்கள். ஊசலை அவிழ்த்த பிறகு வருந்திப் பயனில்லை.

படத்தைக் கணினிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது கேபிள் வழியாக எடுங்கள். சுருங்கிய படத்திலும் விகிதம் மாறாது, கணக்கு வரும். ஆனால் விளிம்புகள் மங்கி, எங்கே சொடுக்குவது என்பது ஊகமாகிவிடும்.

## 5. பிக்சலிலிருந்து நீளம்

படத்தை Paint அல்லது GIMP-இல் திறங்கள். சுட்டியை நகர்த்தினால் கீழே x, y எண்கள் ஓடும். மேல் இடது மூலைதான் தொடக்கம், கீழே போகப் போக y கூடும். 3000 × 4000 பிக்சல் கொண்ட ஒரு படத்தில் ஐந்து புள்ளிகளைக் குறித்ததாக எடுத்துக்கொள்வோம்:

```
ஸ்கேல் 5 செ.மீ. கோடு     (1712,  412)
ஸ்கேல் 95 செ.மீ. கோடு    (1721, 3190)
தொங்குபுள்ளி            (1498,  395)
குண்டின் மேல் விளிம்பு    (1508, 3321)
குண்டின் கீழ் விளிம்பு    (1508, 3383)
```

ஸ்கேலின் 0 கோட்டை எடுக்காமல் 5-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய ஸ்கேல்களின் முனை தேய்ந்திருக்கும், சில ஸ்கேல்களில் 0 முனையிலேயே தொடங்காது.

குண்டின் மையத்துக்கு y = (3321 + 3383) / 2 = 3352. மையத்தை நேராகக் கண்ணால் குறிக்கப் பார்க்காதீர்கள். விளிம்பு கண்ணுக்குத் தெரியும், மையம் தெரியாது.

இப்போது இரண்டு தூரங்கள். விரிதாளில் போடுபவர்களுக்கு, x1, y1, x2, y2 என்ற வரிசையில் A2 முதல் D2 வரை எண்கள் இருந்தால்:

```
=SQRT((C2-A2)^2+(D2-B2)^2)
```

ஸ்கேலின் 90 செ.மீ.க்கு 2778.0 பிக்சல். ஆக ஒரு சென்டிமீட்டருக்கு 2778.0 / 90 = 30.867 பிக்சல். தொங்குபுள்ளியிலிருந்து மையம் வரை 2957.0 பிக்சல். எனவே:

```
L = 2957.0 / 30.867 = 95.80 செ.மீ. = 0.9580 மீ.
```

x எண்களைக் கவனியுங்கள். ஸ்கேலிலும் ஊசலிலும் மேலிருந்து கீழே வரும்போது x ஒன்பது, பத்து பிக்சல் நகர்ந்திருக்கிறது. கேமரா துளி சுழன்றிருந்தது என்று பொருள். இரண்டும் ஒரே அளவு சாய்ந்திருப்பதால் கவலையில்லை. ஒன்று 10-உம் மற்றொன்று 60-உம் நகர்ந்திருந்தால் ஸ்கேல் செங்குத்தாகத் தொங்கவில்லை, போய்ச் சரிசெய்ய வேண்டும்.

இங்கே ஒரு சின்னச் சரிபார்ப்பு. குண்டின் விட்டம் படத்தில் 62 பிக்சல், அதாவது 62 / 30.867 = 2.01 செ.மீ. வெர்னியரில் அளந்தது 2.00. பொருந்துகிறது. ஆனால் இதை வைத்து ஸ்கேலின் தளம் சரி என்று முடிவுகட்ட முடியாது. 62 பிக்சலில் ஒரே ஒரு பிக்சல் தவறினாலே 1.6% ஆகிவிடும். ஸ்கேல் எண்களை மாற்றிப் படித்தது போன்ற பெரிய தவறுகளைத்தான் இது பிடிக்கும்.

சிறிய ஸ்கேல் ஏன் கூடாது? விளிம்புகளைச் சொடுக்குவதில் எப்படியும் இரண்டு மூன்று பிக்சல் பிசகும். 90 செ.மீ. எடுத்துக்கொண்டால் 2778-இல் 3 பிக்சல், 0.1% பிசகு. 15 செ.மீ. ஸ்கேலாக இருந்தால் 463-இல் 3 பிக்சல், 0.65%. g-இல் மட்டும் 0.06 போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. கேமரா மேலோ கீழோ சற்றுச் சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு முனை சுருங்கும். ஊசலின் முழு நீளத்துக்கும் பக்கத்தில் ஓடும் ஸ்கேல் அதே சுருக்கத்தைத் தானும் வாங்கிக்கொள்வதால், கணக்கில் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகும். அடியில் ஒட்டிய சின்ன ஸ்கேலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

## 6. அலைவுகளுக்கு நேரம் எடுத்தல்

ஸ்கேலை அகற்றுங்கள், குண்டு அதில் இடிக்கக் கூடாது. குண்டு ஓய்ந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளில் செங்குத்துக் கோடு போட்டு வையுங்கள். நேர் எதிரில் உட்கார்ந்து, நூல் அந்தக் கோட்டைக் கடக்கும் கணத்தைத்தான் எண்ண வேண்டும்.

முனையில் எண்ணக் கூடாதா என்று கேட்பார்கள். குண்டு அங்கே ஒரு கணம் நிற்பது போலத் தெரிவதால் எண்ணச் சுலபம் என்று தோன்றும். சுலபம் போலத் தெரிவதே அதன் குறை. 8 செ.மீ. வீச்சில் ஆடும் இந்த ஊசல், முனையில் கடைசி அரை சென்டிமீட்டருக்குள் போய்த் திரும்ப 0.22 விநாடி எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் எந்தக் கணம் முனை என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவிலோ அதே அரை சென்டிமீட்டரை 0.02 விநாடியில் தாண்டிவிடுகிறது. கோட்டைக் கடந்ததா இல்லையா என்பதில் ஐயமே இருக்காது.

குண்டை ஓய்விடத்திலிருந்து 8 செ.மீ. பக்கவாட்டில் இழுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 95.8 செ.மீ. நீளத்துக்கு இது ஐந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவு. விரலால் பிடித்து விடும்போது தெரியாமல் ஒரு தள்ளு கொடுத்துவிடுவோம், குண்டு முட்டை வடிவப் பாதையில் சுற்றத் தொடங்கும். ஒரு அட்டையின் விளிம்பால் குண்டைத் தடுத்து வைத்து, ஆடும் திசையிலேயே அட்டையைச் சட்டென்று முன்னால் எடுத்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் குண்டு ஒரே கோட்டில் போய்வர வேண்டும். சுற்றினால் நிறுத்தி மறுபடி விடுங்கள்.

முதல் ஐந்து அலைவை விட்டுவிடுங்கள். பிறகு, குண்டு இடமிருந்து வலமாகக் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் "மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம்" என்று சொல்லுங்கள். பூஜ்யத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். அடுத்து அதே திசையில் கடக்கும்போதுதான் "ஒன்று". ஐம்பதில் நிறுத்துங்கள்.

இந்தப் பூஜ்யத்தை விடவே கூடாது. "ஒன்று" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினால், ஐம்பது என்று சொல்லி நிறுத்தும்போது நடந்திருப்பது 49 அலைவுதான். கவுன்ட்டவுன் வைப்பதில் இன்னொரு பயன்: எண்ணும் தாளத்துக்குக் கை பழகிவிடுவதால், தொடக்க அழுத்தமும் முடிவு அழுத்தமும் ஒரே மாதிரித் தாமதமாகும். அந்தத் தாமதங்கள் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பத்துக்கும் ஒரு விரலை மடக்குங்கள். முப்பத்தேழா முப்பத்தெட்டா என்ற குழப்பம் வந்தால் ஊகிக்காதீர்கள், அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள்.

மூன்று ஓட்டங்கள் போதும். நம் எடுத்துக்காட்டில்:

```
98.41 வி, 98.28 வி, 98.36 வி
சராசரி 98.35 வி
T = 98.35 / 50 = 1.9670 வி
```

மூன்றில் ஒன்று மட்டும் இரண்டு விநாடி போல விலகி நின்றால் அது கைப்பிசகு அல்ல, எண்ணிக்கைப் பிசகு. ஓர் அலைவு கூடியோ குறைந்தோ போயிருக்கிறது. அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

நேரம் எடுத்து முடித்ததும் ஸ்கேலைத் திரும்ப மாட்டி இன்னொரு படம் எடுங்கள். இரண்டு படத்தின் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால், நடுவில் நூல் நழுவவில்லை, நீளவில்லை.

## 7. கணக்கு

```
g = 4π² × 0.9580 / (1.9670)²
  = 37.820 / 3.8691
  = 9.775 மீ/வி²
```

இதில் ஒரு திருத்தம் மட்டும் பாக்கி. T = 2π√(L/g) என்பது மிகச் சிறிய வீச்சுக்குத்தான் சரி. வீச்சு கூடினால் அலைவு நேரம் சற்றுக் கூடும், அதைத் திருத்தாமல் விட்டால் g குறைவாக வரும். வீச்சுக் கோணத்தை ரேடியனில் θ என்று எடுத்துக்கொண்டால், கிடைத்த g-ஐ (1 + θ²/8) ஆல் பெருக்கினால் போதும்.

ஓட்டத்தின் தொடக்கத்தில் 8 செ.மீ. இருந்த வீச்சு முடிவில் 5 செ.மீ. அளவுக்கு வந்திருக்கிறது. சராசரியாக 4 டிகிரி, அதாவது 0.0698 ரேடியன். θ²/8 = 0.0006.

```
g = 9.775 × 1.0006 = 9.781 மீ/வி²
```

ஐந்து டிகிரிக்குள் ஆடினால் இந்தத் திருத்தம் பிசகின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும், விட்டாலும் குடி முழுகாது. ஆனால் 20 டிகிரி இழுத்து ஆட்டினால் 1.5% போகும், 30 டிகிரியில் 3%க்கும் மேல். "நன்றாகத் தெரியட்டும்" என்று பெரிதாக இழுப்பவர்களின் விடை எப்போதும் குறைந்தே வருவதற்கு இதுதான் காரணம்.

குண்டு புள்ளியல்ல, உருண்டை என்பதற்கும் ஒரு திருத்தம் உண்டு. இந்தக் குண்டுக்கும் நீளத்துக்கும் அது 0.005% கூட இல்லை. காற்றின் மிதப்பு விசையின் விளைவும் மிகச் சிறியது. இரண்டையும் மறந்துவிடலாம்.

## 8. எதோடு ஒப்பிடுவது, எவ்வளவு நம்புவது

9.81-ஓடு ஒப்பிடாதீர்கள். அது நம் ஊர் எண்ணே இல்லை. புவி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே போகப் போக g குறையும். 13 டிகிரி வட அட்சத்தில் கடல் மட்டத்தில் இருக்கும் சென்னைக்கு, அட்சரேகையை வைத்துக் கணக்கிடும் சூத்திரம் 9.783 தருகிறது. 9.81 என்பது ஐரோப்பிய அட்சங்களுக்குப் பொருந்தும் மதிப்பு. சென்னையில் 9.81 வந்தால் ரெக்கார்டு நோட்டில் "பிழை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள், உண்மையில் 0.03 பிசகியிருக்கிறது. (பன்னிரண்டாவது மாடியில் சோதனை செய்கிறேன், உயரத்தால் மாறாதா என்றால், மாறும்: 0.0001 அளவுக்கு. இந்த ஊசலுக்கு அது தெரியாது.)

நமக்குக் கிடைத்த 9.781, 9.783-க்கு இவ்வளவு அருகில் வந்தது பாதி அதிர்ஷ்டம். பிசகுகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். ஊசலின் முனைகளைச் சொடுக்கியதில் 0.1%, ஸ்கேலின் கோடுகளைச் சொடுக்கியதில் 0.1%. நேரத்தின் சராசரியில் 0.05 விநாடி போல ஐயம், அதாவது 0.05%. T வர்க்கமாக வருவதால் அது g-இல் 0.1% ஆகிறது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பதால் நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால், ஏறக்குறைய 0.17%. g-இல் அது 0.02. ஆகவே எழுத வேண்டிய விடை:

```
g = 9.78 ± 0.02 மீ/வி²
```

மூன்றாவது தசம இடத்தை எழுதினால், இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொன்னதாகிவிடும்.

## 9. விடை தவறி வந்தால், எண்ணே காரணத்தைச் சொல்லும்

மேலே உள்ள அதே ஊசலில் ஒவ்வொரு தவறும் தனக்கென்று ஓர் எண்ணைத் தரும். ஊசலை அவிழ்ப்பதற்கு முன் விடையை இவற்றோடு பொருத்திப் பாருங்கள்.

39 போல வந்தால்: குண்டு கோட்டைக் கடந்த ஒவ்வொரு முறையும் எண்ணியிருக்கிறீர்கள். அது அரை அலைவு. T பாதியானதால் g நான்கு மடங்கானது.

10.18 போல வந்தால்: பூஜ்யத்துக்குப் பதில் "ஒன்று" சொல்லித் தொடங்கியது. 49 அலைவின் நேரத்தை 50 ஆல் வகுத்ததால் g 4% ஏறியிருக்கிறது. விடையை 50/49-இன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள், 9.78-க்குப் பக்கத்தில் வந்தால் உறுதி. ஆனாலும் வகுத்த விடையை நோட்டில் எழுதாமல், நேரத்தை மறுபடி எடுங்கள்.

9.40 போல வந்தால்: இதற்கு எதிர்த் தவறு, 51 அலைவு நடந்திருக்கிறது.

9.67 போல வந்தால்: குண்டின் மேல் விளிம்பு வரை மட்டும் அளந்திருக்கிறீர்கள், ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. 9.88 வந்தால் கீழ் விளிம்பு வரை அளந்திருக்கிறீர்கள். படத்தைத் திறந்து மையத்தை மறுபடி கணக்கிட்டால் போதும், ஊசலைத் தொட வேண்டியதில்லை. நீளம் படமாக இருப்பதன் பெரிய வசதி இதுதான்.

9.9-க்கு மேல், ஆனால் 10.1-ஐ எட்டாமல் வந்தால்: முதலில் ஸ்கேலின் தளத்தைச் சந்தேகியுங்கள். 3-ஆம் பகுதியில் சொன்ன இரண்டு படச் சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

9.6 அல்லது 9.7-இலேயே பிடிவாதமாக நின்றால்: நீளம் சரி, எண்ணிக்கை சரி, வீச்சும் சிறியது என்றால் மிச்சம் இருப்பது தாங்கி. குண்டு ஆடும்போது மரத்துண்டின் மேல் விரல் நுனியை மெல்ல வையுங்கள். அலைவின் தாளத்தில் துளி அசைவு விரலுக்குப் பட்டால், கட்டு தளர்ந்திருக்கிறது. இன்னும் இறுக்கிக் கட்டி, அரை மணி நேரம் விட்டு, படத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். நேரத்தை மட்டும் திரும்ப எடுத்தால் போதாது, இறுக்கும்போது நூலின் நீளமும் மாறியிருக்கும்.